இலக்கத்துக்குள் மறையும் ஈறு: குரல்பதிவுப் பிரதியில் எண், தேதி, பணத்தொகை

1. கேள்வி

அச்சில் 'ரூ.500-க்கு' என்று இருப்பதை நாம் 'ஐந்நூறு ரூபாய்க்கு' என்று வாசிக்கிறோம். பழகிப்போனதால் இதில் என்ன நடக்கிறது என்று யோசிப்பதில்லை. தாளில் முதலில் நிற்கும் 'ரூ.' வாயில் இரண்டாவதாக வருகிறது. எண்ணோடு ஒட்டியிருந்த 'க்கு' எண்ணை விட்டு விலகி ரூபாயோடு போய்ச் சேர்கிறது. கண் ஒரு வரிசையில் பார்த்ததை வாய் வேறொரு வரிசையில் சொல்கிறது. மனத்துக்குள் வாசிக்கும்போது இந்த இடமாற்றம் ஒரு சுமையே அல்ல. தவறினாலும் யாருக்கும் கேட்காது. ஒலிப்பதிவு அறையில் மைக்குக்கு முன்னால் இருப்பவரின் நிலை வேறு. பக்கத்தைச் சற்று முன்புதான் கையில் வாங்கியிருப்பார். வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தை முடிவு செய்துகொண்டே வாசிக்க வேண்டும். நடுவில் ஒரு கணம் தயங்கினாலும் அந்தப் பதிவு வீண்.

குரல்பதிவுக்கான பிரதியை, தொழிலில் சொல்வதுபோல் ஸ்கிரிப்டை, எழுதுகிறவர் எண்களை எந்த வடிவில் தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 'எல்லா எண்ணையும் எழுத்தால் எழுதிவிடு' என்பது வழக்கமான அறிவுரை. அது பாதி சரி. தமிழில் வாசிப்பவர் தடுமாறுவது பெரும்பாலும் எண்ணின் மதிப்பில் அல்ல, அதன் ஈற்றில். ஆகவே எழுத்தாக்கித் தரவேண்டியதும் முதன்மையாக அந்த ஈறுதான் என்பது என் வாதம்.

2. இதுவரையான புரிதல்

உரக்க வாசிக்கும்போது கண் குரலுக்கு முன்னே ஓடுகிறது. இந்த இடைவெளியை கய் பஸ்வெல் 1920-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார். தேர்ந்த வாசகரிடம் இடைவெளி அகலமாகவும் தேராதவரிடம் குறுகலாகவும் இருந்தது. குரல் ஒரு சொல்லில் இருக்கும்போதே கண் அடுத்தடுத்த சொற்களைப் பார்த்துவிடுவதால்தான் எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை இறக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய முடிகிறது. இலக்கம் இந்த ஏற்பாட்டைக் குலைக்கிறது. '1,47,350' தாளில் ஒரு சொல்லின் இடத்தையே அடைக்கிறது. வாயிலோ அது 'ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது' என்று பதினெட்டு அசையாக நீள்கிறது. கண் தாண்டிப் போய்விடுகிறது, குரல் பின்தங்கி நிற்கிறது.

அமெரிக்க வானொலிச் செய்தி எழுத்தின் மரபு இதற்கு ஒரு வழி கண்டது. சிறிய எண்கள் எழுத்தில். இரண்டு, மூன்று இலக்க எண்கள் இலக்கமாகவே. ஆயிரம், மில்லியன் போன்ற அலகுகள் மீண்டும் எழுத்தில். முடிந்த இடத்தில் முழு எண்ணாக்கிச் சொல்வதும் அந்த மரபில் உண்டு. கணினிப் பேச்சுத் துறை இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. ரிச்சர்ட் ஸ்ப்ரோட்டும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட கட்டுரை, இலக்கத் தொடர்களை அளவு, வரிசை, ஆண்டு, தொலைபேசி எண், பணம் என்று வகை பிரித்த பிறகே எப்படி ஒலிப்பது என்று தீர்மானிக்கிறது. வகை தெரியாமல் ஒலிப்பு தெரியாது என்ற இந்தக் கருத்து மனிதக் குரலுக்கும் அப்படியே பொருந்தும். எழுதுகிறவருக்கு வகை தெரியும். வாசிக்கிறவர் அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் நாளிதழ்களின் பழக்கத்தை இந்த விவாதத்தில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்க்கத்தான் வேண்டும். '1 லட்சத்து 47 ஆயிரத்து 350 ரூபாய்' என்று அவை நெடுங்காலமாக அச்சிட்டு வருகின்றன. எளிய வாசகர் எழுத்துக் கூட்டி வாசிக்க உதவிய வடிவம் இது. பெரிய அலகுகளும் அவற்றின் ஈறுகளும் எழுத்தில் இருக்கின்றன, சிறிய அளவுகள் மட்டும் இலக்கத்தில். ஆங்கில வானொலி மரபை ஒத்திருந்தாலும், அதில் இல்லாத 'த்து' இதில் இருக்கிறது.

3. ஈறு செய்யும் வேலை

ஆங்கில எண்ணுப்பெயர் அடுத்து என்ன வந்தாலும் பெரும்பாலும் மாறாது. தமிழில் மாறும். '21' என்ற ஒரே இலக்கத்தைப் பாருங்கள். தனியாக நின்றால் இருபத்தொன்று. 'பயனாளிகள்' தொடர்ந்தால் இருபத்தொரு. 'ஆண்டுகள்' தொடர்ந்தால், இலக்கணம் பார்ப்பவர்க்கு, இருபத்தோர். 'ஆம் தேதி' தொடர்ந்தால் இருபத்தொன்றாம். குரல் '21'-க்கு வருவதற்குள் கண் அடுத்த சொல்லைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் 'இருபத்தொன்று பயனாளிகள்' என்று வாசித்துவிடுவார். பொருள் கெடாது. ஆனால் கேட்பவருக்கு யாரோ பட்டியலை ஒப்பிப்பதுபோல் ஒலிக்கும். விளம்பரத்திலும் ஆவணப்படத்திலும் அந்த ஒலிதான் கூடாது.

நூறும் ஆயிரமும் லட்சமும் இன்னும் பிடிவாதமானவை. பின்னால் எண் தொடரும்போது நூறு நூற்று ஆகிறது, ஆயிரம் ஆயிரத்து ஆகிறது, லட்சம் லட்சத்து ஆகிறது. கோடி மட்டும் கோடியே என்று ஏகாரம் ஏற்கிறது. வேற்றுமை உருபு சேரும்போதும் இதே கதைதான். '2000-இல்' என்பதை 'இரண்டாயிரம் இல்' என்று பிளந்து வாசிப்பதைப் பல பதிவுகளில் கேட்கலாம். வாசித்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை. தாளில் இலக்கமும் சிறுகோடும் உருபும் பிரிந்து நிற்கின்றன. அவர் பார்த்ததை வாசித்தார். 'இரண்டாயிரத்தில்' என்று எழுதியிருந்தால் பிளக்க வழியே இல்லை.

பணத்தொகையில் இந்தச் சிக்கல் இரட்டிக்கிறது. 'ரூ.2 கோடியில் பாலம்' என்பதை நேராக வாசித்தால் 'ரூபாய் இரண்டு கோடியில்' என்று வரும். அது பத்திரத்தின் மொழி, காசோலையில் எழுதும் மொழி. பேச்சில் 'இரண்டு கோடி ரூபாயில்' என்போம். உருபு கோடியிலிருந்து ரூபாய்க்கு மாறியிருக்கிறது. 2010-இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட ₹ குறியும் எண்ணுக்கு முன்னால் நிற்பதால் நிலைமை மாறவில்லை. குரல்பதிவுப் பிரதியில் 'ரூ.' என்ற சுருக்கத்துக்கும் ₹ குறிக்கும் இடமே தரக்கூடாது என்று நான் நினைக்கிறேன். 'ரூபாய்' என்ற சொல்லை, ஒலிக்கும் இடத்தில், உருபோடு சேர்த்து எழுதிவிட வேண்டும். அச்சுப் பிரதியில் 'ரூ.' வரிக் கடைசியிலும் தொகை அடுத்த வரியிலும் விழுந்து வாசிப்பவரை வதைக்கும் தொல்லையும் அதோடு ஒழியும்.

4. ஒரு புள்ளி, நான்கு வாசிப்பு

தமிழ் அச்சில் புள்ளிக்கு வேலை அதிகம். '6.30' என்பதை எடுத்துக்கொள்வோம். 'மாலை 6.30 மணி' என்றால் ஆறரை மணி. தேநீர்க் கட்டணம் ரூ.6.30 என்றால் ஆறு ரூபாய் முப்பது காசு. வட்டி 6.30 சதவீதம் என்றால் ஆறு புள்ளி மூன்று பூஜ்ஜியம், அல்லது ஆறு புள்ளி மூன்று. திட்டச் செலவு ரூ.6.30 கோடி என்றால் ஆறு கோடியே முப்பது லட்சம் ரூபாய். நான்கிலும் இலக்கம் ஒன்றே. முதல் வாசிப்பில் புள்ளி மணியையும் நிமிடத்தையும் பிரிக்கிறது, இரண்டாவதில் ரூபாயையும் காசையும். மூன்றாவதில் மட்டும் அது தசமப்புள்ளியாகவே ஒலிக்கிறது. நான்காவதும் தசமம்தான், ஆனால் காது அதைக் கோடியும் லட்சமுமாகப் பிரித்துத்தான் எதிர்பார்க்கிறது.

எந்த வாசிப்பு என்று தீர்மானிக்கும் சொல் மணி, சதவீதம், கோடி என எண்ணுக்குப் பின்னால் வருகிறது. குரல் எண்ணைத் தொடங்கும்போது கண் அங்கே போயிருந்தால் சரி. வரி அங்கே முறிந்திருந்தால் தடுமாற்றம்தான்.

இதில் உண்மையான ஆபத்து புள்ளிக்கு அடுத்து வரும் சுழியில் இருக்கிறது. '1.05 கோடி' என்பதை வேகத்தில் 'ஒன்று புள்ளி ஐந்து கோடி' என்று வாசித்துவிட்டால், கேட்பவர் அதை ஒன்றரைக் கோடி என்று புரிந்துகொள்வார். வித்தியாசம் 45 லட்சம். தயக்கமோ குளறலோ இல்லாமல் சரளமாக வரும் பிழை என்பதால், பிரதியைப் பார்த்துக்கொண்டே கேட்கும் ஒலிப்பதிவாளரும் இதைத் தவறவிடக்கூடும். 'ஒரு கோடியே ஐந்து லட்சம் ரூபாய்' என்று எழுதிக் கொடுத்தால் இந்தப் பிழைக்கு வாய்ப்பே இல்லை. கோடி, லட்சத்தோடு வரும் தசமத்தை உடைத்து எழுதுவதை விலக்கில்லாத விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கால், அரை, முக்கால் பற்றி ஒரு வார்த்தை. 2.5 கோடியை 'இரண்டரைக் கோடி' என்பது எல்லோருக்கும் இயல்பு. 1.25 கோடியை 'ஒன்றேகால் கோடி' என்பது அழகான தமிழ். ஆனால் 'ஒன்றேகால்', 'ஒன்றே முக்கால்' இரண்டும் வேகமான வாசிப்பில், பின்னணி இசையோடு, காதில் நெருங்கிவிடும். தொகை முக்கியம் என்றால் 'ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம்' என்றே எழுதலாம். நேரத்துக்கு 'ஆறேகால் மணி' தாராளமாகப் போதும்.

5. தேதி

'05.06.2025' என்பது இந்திய வாசகருக்கு ஜூன் 5. அமெரிக்க வழக்கில் எழுதப்பட்ட மூலத்திலிருந்து மொழிபெயர்த்த பிரதியில் அதுவே மே 6 ஆகலாம். நிறுவனக் காணொளிகளும் இணையவழிப் பாடங்களும் இன்று பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் வழியாகவே குரல் கலைஞரிடம் வந்து சேர்கின்றன. வாசிப்பவருக்கு மூலம் தெரியாது. மாதத்தைப் பெயரால் எழுதுவது இங்கே அடிப்படைத் தேவை. கிழமையையும் சேர்ப்பது நல்லது. 2025 ஜூன் 5 வியாழக்கிழமை, மே 6 செவ்வாய்க்கிழமை. பிரதியில் 'மே 6, வியாழக்கிழமை' என்று வந்திருந்தால், நாட்காட்டி பார்க்கும் யாரும் பதிவுக்கு முன்பே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். இலக்கத் தேதிக்குத் தன்னைத் தானே சரிபார்க்கும் இந்த வசதி கிடையாது.

ஆண்டு தமிழில் நீளமானது. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில்போல் இரண்டிரண்டாக வெட்டிச் சொல்லும் வழக்கம் நம் எழுத்துத் தமிழில் வேரூன்றவில்லை. ஆவணப்படத்தில் ஒரு பத்திக்குள் மூன்று ஆண்டுகள் வந்தால் வாக்கியங்கள் ஆண்டுகளாலேயே நிறைந்துவிடும். இதற்கு மருந்து எழுதும் முறையில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது. முதல் ஆண்டை முழுதாகச் சொல்லிவிட்டு அடுத்தவற்றை 'நான்கு ஆண்டுகள் கழித்து', 'அதே ஆண்டு நவம்பரில்' என்று தொடரலாம். மாதத்தின் முதல் நாள் 'ஒன்றாம் தேதி'யா 'முதல் தேதி'யா என்பதில் இரண்டும் வழக்கில் உண்டு. ஒரே பிரதியில் இரண்டும் கலக்காமல் இருந்தால் போதும்.

6. ஒரு பத்தியைத் திருத்திப் பார்த்தல்

மேற்சொன்னவற்றைச் சோதிக்க ஒரு மாதிரிப் பத்தி. ஒரு நலத்திட்ட விழாவுக்கான ஒலி அறிவிப்பு, கோப்பிலிருந்து அப்படியே எடுத்துத் தரப்பட்டது என்று வைத்துக்கொள்வோம்:

"05.06.2025 அன்று மாலை 6.30 மணியளவில் நடைபெறும் விழாவில் 21 பயனாளிகளுக்கு தலா ரூ.1,47,350 வீதம் ரூ.30.94 லட்சத்துக்கான காசோலைகள் வழங்கப்படும். 2024-25-இல் இத்தொகை ரூ.1.05 லட்சமாக இருந்தது."

வாசிப்பவர் தடுக்கக்கூடிய இடங்கள் இதில் ஏழாவது இருக்கும். மிக மோசமானது கடைசியில் உள்ளது. '1.05 லட்சம்' ஒன்றரை லட்சமாகிவிட்டால் சென்ற ஆண்டுத் தொகை இந்த ஆண்டுத் தொகையைவிட அதிகமாகிவிடும். உதவித்தொகையை உயர்த்தினோம் என்று சொல்ல வந்த அறிவிப்பு, குறைத்துவிட்டோம் என்று சொல்லிவிடும்.

மொத்தத் தொகையையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 21 பேருக்கு 1,47,350 வீதம் 30,94,350 வருகிறது. கோப்பில் '30.94' என்று எழுதியபோது 350 ரூபாய் உதிர்ந்துவிட்டது. ஆக, 'முப்பது லட்சத்துத் தொண்ணூற்று நான்காயிரம்' என்று வாசித்தால் துல்லியம்போல் ஒலிக்கும், துல்லியமாக இருக்காது. ஒன்று முழுத் தொகையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 'ஏறத்தாழ' என்று சொல்லி முழு எண்ணாக்க வேண்டும். கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கு இரண்டாவதே சரி. ஆனால் அந்த முடிவைப் பிரதி எழுதுகிறவர், அறிவிப்பை வெளியிடுபவரிடம் கேட்டு எடுக்க வேண்டும். மைக்குக்கு முன்னால் இருப்பவர் தாமாக முழு எண்ணாக்கக் கூடாது.

திருத்திய பிரதி இப்படி அமையலாம். ஒற்றைச் சாய்கோடு சிறு நிறுத்தம், இரட்டை என்றால் முழு நிறுத்தம்:

"ஜூன் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, / மாலை ஆறரை மணிக்கு நடைபெறும் விழாவில் / இருபத்தொரு பயனாளிகளுக்குக் காசோலைகள் வழங்கப்படும். // ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் தொகை / ஒரு லட்சத்து / 47 ஆயிரத்து / முந்நூற்று ஐம்பது ரூபாய். // மொத்தம், / ஏறத்தாழ 31 லட்சம் ரூபாய். // கடந்த நிதியாண்டில் ஒருவருக்கு வழங்கப்பட்டது / ஒரு லட்சத்து ஐயாயிரம் ரூபாய்."

'47 ஆயிரத்து' என்று பாதி இலக்கமாக விட்டது கவனக்குறைவால் அல்ல. 'நாற்பத்தேழு' என்று வாசிப்பதில் யாருக்கும் ஐயமில்லை. அடுத்து வரும் 'ஆயிரத்து' என்பதுதான் மாறும் உறுப்பு, அது எழுத்தில் இருக்கிறது. இலக்கம் கண்ணுக்கு ஒரு பிடிமானமும் தருகிறது. நீண்ட எழுத்து வரிசையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது தொலைந்துபோவதில்லை. 'ஒரு', 'இருபத்தொரு' இரண்டையும் எழுத்தாக்கியதற்குக் காரணம் அவை 'ஒன்று' என்றாகிவிடக் கூடாது என்பது. '2024-25' முழுதாகவே போய்விட்டது. 2025 ஜூனில் கேட்பவருக்குக் 'கடந்த நிதியாண்டு' என்பதே போதும். இரண்டாக இருந்த வாக்கியங்கள் நான்காகியிருப்பதையும் கவனிக்கலாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு பெரிய தொகைக்கு மேல் காது தாங்காது.

மூல இலக்கங்களை அடியோடு தூக்கிவிடக் கூடாது. சரிபார்ப்பவருக்கு '1,47,350' தேவை. எழுத்தில் உள்ளதை இலக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் அவர் பிழை கண்டுபிடிக்க முடியும். ஆனால் அவற்றை வரிக்குள் அடைப்புக்குறியில் போட்டால் வாசிப்பவர் கண் அங்கேயும் போகும், சில நேரம் குரலும் போகும். வலது ஓரத்தில், சிறிய எழுத்தில், அந்தந்த வரிக்கு நேராக வைப்பதே நல்ல ஏற்பாடு.

7. எதிர்வாதங்களும் எல்லைகளும்

அனுபவமுள்ள செய்தி வாசிப்பாளர் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். இலக்கத்தை ஒரே பார்வையில் பிடிக்கலாம், எழுத்தாக விரித்தால் வேகம் குறையும் என்பது அவர்கள் வாதம். நாள்தோறும் எண்களோடு புழங்குபவர்களுக்கு அது உண்மை. வாக்கு எண்ணிக்கை அறிவிப்புபோல் தொகைகள் அடுத்தடுத்து வரும் பிரதியில் எல்லாவற்றையும் எழுத்தாக்கினால் பக்கம் கறுத்துவிடும், கண் வரி தவறும். ஆனால் அங்கும் வெறும் இலக்கம் ஆபத்தானது. '1,02,405' என்பதில் இரண்டு சுழிகள் ஒலிக்காமல் போகின்றன; ஒரு சுழியை இடம் மாற்றிப் பார்த்தால் இரண்டாயிரம் இருபதாயிரமாகிவிடும். '1 லட்சத்து 2 ஆயிரத்து 405' என்ற நாளிதழ் வடிவம் இந்த இடத்தில் இரு தரப்புக்கும் பொதுவான நிலம். அதில் கூடுதலாகத் தேவைப்படுவது '1 லட்சம்' வரும் இடத்தில் 'ஒரு' என்று எழுதுவது மட்டுமே.

எண்ணாகத் தோன்றி எண்ணாக இல்லாதவை தனி வகை. ஆம்புலன்சுக்கான 108 நம் வாயில் 'நூற்றெட்டு'. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ 'பத்து, ஒன்பது, எட்டு' என்று சொல்வதே பரவலான வழக்கு. ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்று வாசித்தால் யாரும் அடையாளம் காணமாட்டார்கள். இணையவழிக் குற்றங்களைத் தெரிவிக்கும் 1930 இன்னும் வேடிக்கையானது. பிரதியில் வெறும் '1930' என்றிருந்தால் அது ஆண்டுபோலவே தெரியும். 'ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்ஜியம்' என்று காற்புள்ளியிட்டு எழுதினால் ஐயமில்லை. பூஜ்ஜியமா, சுழியமா, ஜீரோவா என்பதையும் அதே இடத்தில் முடிவு செய்துவிடலாம். கேட்பவர் தொலைபேசியில் அழுத்தப்போகும் எண் என்பதால், அவர் வாயில் புழங்கும் சொல்லையே நான் தேர்வேன்.

விளம்பரம் வேறொரு நிர்ப்பந்தத்தில் இயங்குகிறது. 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது' பதினோரு அசை. 'நைன் நைன்ட்டி நைன்' நான்கே அசை. பத்து நொடி விளம்பரத்தில் விலை இரண்டு முறை வரவேண்டும் என்றால் தயாரிப்பாளர் எதைத் தேர்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில ஒலிப்பை ஏற்பதா என்பது மொழிக்கொள்கை சார்ந்த கேள்வி, அதற்குள் இங்கே போகவில்லை. ஆனால் '999' என்று எழுதி, முடிவை வாசிப்பவர் தலையில் வைப்பது தவறு. எப்படி ஒலிக்க வேண்டுமோ அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட வேண்டும்.

பிரதி இலங்கைத் தமிழருக்கு என்றால் எழுத்தாக்கும் வேலை இன்னொரு முறை தொடங்குகிறது. அங்கே தேதி திகதி, ரூபாய் ரூபா. பெரிய தொகைகள் ஊடகங்களில் மில்லியன், பில்லியன் கணக்கிலேயே வரும். சென்னையில் எழுதிய 'ஒரு கோடி ரூபாய்' அங்கே 'பத்து மில்லியன் ரூபா' ஆக வேண்டும். உலக மக்கள்தொகை, நாடுகளின் பொருளாதாரம் பற்றிய மொழிபெயர்ப்புப் பிரதிகளில் இதே மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்கிறது, 1.4 பில்லியன் இங்கே நூற்று நாற்பது கோடி. இந்தக் கணக்கைப் பதிவின் நடுவே போடச் சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை.

'நூற்று ஐம்பது' என்பதா 'நூற்றி ஐம்பது' என்பதா என்ற வழக்கு தீராதது. எழுத்துத் தமிழ் முதலாவதைச் சரி என்கிறது, தெரு இரண்டாவதைச் சொல்கிறது. செய்திக்கும் ஆவணப்படத்துக்கும் முதலாவதையும், நாடகப் பாத்திரத்துக்கு இரண்டாவதையும் தரலாம். பல குரல்கள் சேர்ந்து வாசிக்கும் நீண்ட தொடரில் இப்படி இருவகையாக வரக்கூடிய ஒலிப்புகளை, அதாவது நூற்று/நூற்றி, முதல்/ஒன்றாம், காசு/பைசா, பூஜ்ஜியம்/ஜீரோ ஆகியவற்றை, முதல் நாளே ஒரு தாளில் தீர்மானித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவது வழக்கமாக வேண்டும். ஒருவர் நூற்று என்றும் அடுத்தவர் நூற்றி என்றும் பதிவு செய்து முடித்த பிறகு, ஒரே ஒரு எழுத்துக்காக அந்தக் குரலை, அதே தொனியில், மீண்டும் அழைத்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.